ஒரே கணக்கு - இரண்டு மொழி!
தென் ஆப்பிரிக்கப் பள்ளிக்கூடங்களில் ஒரு பெரிய மாற்றம்

4ஆம் வகுப்பு வந்தது. மொழி மாறியது. பிள்ளைகள் வாய் அடைத்துப் போனார்கள்!

தென் ஆப்பிரிக்காவில் வெகு காலமாக நடந்துவந்த கதை இது. அங்கே கருப்பினக் குழந்தைகள் முதல் மூன்று வகுப்புகளைத் தாய்மொழியில் படிப்பார்கள். கணக்கும் தாய்மொழியில்தான். டிசம்பரில் 3ஆம் வகுப்பு முடியும். ஜனவரியில் 4ஆம் வகுப்பு தொடங்கும். அன்று முதல், தாய்மொழிப் பாடம் தவிர மற்ற எல்லாப் பாடமும் இங்கிலீஷ்! புத்தகம் இங்கிலீஷ். பரீட்சைத் தாள் இங்கிலீஷ். நேற்று வரை கையைத் தூக்கித் தூக்கிப் பதில் சொன்ன பிள்ளை, இன்று வாத்தியார் முகத்தைப் பார்த்து விழிக்கும்.

இந்த வழக்கத்தை மாற்ற அந்த நாடு இப்போது முன்வந்திருக்கிறது. 2025ஆம் ஆண்டில், 4ஆம் வகுப்புக் கணக்கையும் விஞ்ஞானத்தையும் தாய்மொழி, இங்கிலீஷ் ஆகிய இரண்டிலும் கற்பிக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. படிப்படியாக மேல் வகுப்புகளுக்கும் இதைக் கொண்டுபோவது என்பது ஏற்பாடு.

"ஒரு வகுப்பில் இரண்டு மொழியா? குழப்பம் வராதா?" என்று கேட்கத் தோன்றும். அங்குள்ள பெற்றோர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். அதற்குப் பதில் என்ன?

12 மொழிகள்

தென் ஆப்பிரிக்காவில் ஆட்சி மொழிகள் மொத்தம் 12. இவற்றில் ஒன்று, காது கேளாதவர்களின் சைகை மொழி. 2023ஆம் ஆண்டில் அது சேர்க்கப்பட்டது. மற்றவற்றில் ஜூலு மொழியை மிக அதிகம் பேர் பேசுகிறார்கள். அடுத்தது கோசா மொழி. நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள் நிறைந்தது கோசா. நெல்சன் மண்டேலாவின் தாய்மொழி அதுதான்.

(தமிழ் அங்கே ஆட்சி மொழி அல்ல. ஆனால் மதித்து வளர்க்கப்பட வேண்டிய மொழிகளில் ஒன்றாக, 1996ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் தமிழின் பெயரைக் குறிப்பிடுகிறது. கரும்புத் தோட்டங்களில் கூலி வேலைக்குச் சென்ற தமிழர்களின் வழிவந்தவர்கள் அங்கே வாழ்கிறார்கள்.)

இங்கிலீஷை வீட்டு மொழியாகப் பேசுகிறவர்கள் 100க்கு 10 பேருக்கும் குறைவு. ஆனால் பள்ளிக்கூடத்தில் 4ஆம் வகுப்பில் இருந்து இங்கிலீஷ்தான் ராஜா. இங்கிலீஷ் பேசும் வீட்டுக் குழந்தைகளும், ஆப்பிரிக்கான்ஸ் மொழி பேசும் வீட்டுக் குழந்தைகளும் மட்டும், பள்ளிப் படிப்பு முழுவதையும் தங்கள் சொந்த மொழியிலேயே படித்து முடிக்கலாம். மற்றவர்களுக்கு அந்த வசதி இல்லை.

பெற்றோருக்கு ஏன் பயம்?

"தாய்மொழியில் படி" என்றால் சந்தோஷப்பட வேண்டியவர்கள், ஏன் பயப்படுகிறார்கள்? அதற்குக் காரணம் உண்டு.

1953ஆம் ஆண்டில், அங்கே ஆட்சி செய்த வெள்ளைக்காரர்கள் ஒரு சட்டம் போட்டார்கள். பாண்டு கல்விச் சட்டம் என்று அதற்குப் பெயர். கருப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம், தனிப் பாடம். முதல் 8 ஆண்டுகள் தாய்மொழியில் படிக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் பாடம் மட்டமான பாடம். கூலி வேலைக்கு மேல் போகக்கூடாது என்பதே அதன் நோக்கம். தாய்மொழி அங்கே ஏணியாக இருக்கவில்லை. வேலியாக இருந்தது!

பிறகு 1974ஆம் ஆண்டில் இன்னோர் உத்தரவு வந்தது. கணக்கு முதலிய பாடங்களை ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் படிக்க வேண்டும் என்றார்கள். அது ஆட்சியாளர்களின் மொழி. 1976ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி, சோவெட்டோ என்னும் ஊரில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் தெருவில் ஊர்வலமாக வந்தார்கள். போலீசார் சுட்டார்கள். ஹெக்டர் பீட்டர்சன் என்ற சிறுவன் குண்டு பாய்ந்து மாண்டான். கலவரம் நாடெங்கும் பரவி, நூற்றுக்கணக்கானவர்கள் உயிரிழந்தார்கள்.

அதன் பிறகு கருப்பின மக்களின் மனத்தில் ஓர் எண்ணம் ஊன்றிவிட்டது. "தாய்மொழி என்றால் தாழ்த்தி வைப்பது. இங்கிலீஷ் என்றால் விடுதலை" என்பதே அந்த எண்ணம். வேலைக்கு இங்கிலீஷ். கோர்ட்டுக்கு இங்கிலீஷ். காலேஜுக்கு இங்கிலீஷ். ஆகவே பிள்ளைக்கு எவ்வளவு சீக்கிரம் இங்கிலீஷ் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது என்று தாய் தகப்பன் நினைத்தார்கள். அவர்கள் நினைத்ததில் தப்பு இல்லை. ஆனால் அந்த வழி பிள்ளையைக் கரை சேர்க்கவில்லை.

கதவைச் சாத்திவிட்டுப் பேசிய மொழி

சட்டம் ஒன்று, வகுப்பில் நடந்தது வேறு.

வாத்தியார் இங்கிலீஷில் பாடத்தைத் தொடங்குவார். பிள்ளைகளுக்குப் புரியாது. அவர் கோசாவுக்குத் தாவுவார். இரண்டு வாக்கியம் விளக்குவார். திரும்பவும் இங்கிலீஷுக்கு வருவார். அவருக்கும் பிள்ளைகளுக்கும் தாய்மொழி ஒன்றுதான். ஆனாலும் அதைப் பேசுவது ஒரு குற்றம் போல நடந்தது. வெளியில் இருந்து யாராவது பார்க்க வந்தால் கோசா மறைந்துவிடும்!

கோசாவைப் பேசத் துணியாத வகுப்பில் இன்னொரு வேடிக்கை நடக்கும். "பத்தும் பத்தும் எவ்வளவு?" என்று வாத்தியார் இங்கிலீஷில் கேட்பார். "இருபது!" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் கத்தும். "புரிந்ததா?" என்பார். "புரிந்தது!" என்று கூட்டமாகச் சொல்லும். கீத் சிக் என்ற மொழி ஆராய்ச்சியாளர், ஜூலு மக்கள் வாழும் பகுதியில் இப்படிப்பட்ட வகுப்பை ஆராய்ந்து 1996ஆம் ஆண்டில் எழுதினார். இந்தக் கோஷ்டிப் பதிலுக்கு அவர் "பத்திரமான பேச்சு" என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். ஏன் பத்திரம்? வாத்தியாருக்கு மானம் தப்பும். பிள்ளைக்கும் மானம் தப்பும். பாடம் மட்டும் நடக்காது!

ஆக, அங்கே இருந்த கோளாறு இரண்டு மொழி கலந்தது அல்ல. கலப்பதைத் தப்பு என்று எண்ணி ஒளித்ததுதான். ஒளித்துச் செய்வதால், எந்த இடத்தில் எந்த மொழி என்ற திட்டம் இல்லாமல் போனது.

மின்சாரக் கணக்கு

கணக்குப் பாடத்தில் இதைச் சோதித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் மமொகெத்தி பாக்கெங் அம்மையார். கணக்குக் கல்வியில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் தென் ஆப்பிரிக்கக் கருப்பினப் பெண் இவர். பிற்காலத்தில் கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார்.

அவரும் அவருடைய கூட்டாளிகளும் 11ஆம் வகுப்பில் ஒரு காரியம் செய்தார்கள். ஒரு கணக்கை இங்கிலீஷிலும் பிள்ளைகளின் வீட்டு மொழியிலும் அச்சடித்துக் கொடுத்தார்கள். ஒரே வீட்டு மொழிக்காரர்களை ஒரு குழுவாக உட்கார வைத்தார்கள். "எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசலாம்" என்றார்கள். கணக்கு வீட்டு மின்சாரக் கட்டணம் பற்றியது. அந்த மாதிரிக் கணக்கு ஒன்றை இங்கே பார்ப்போம்.

"மின்சார இலாகா மாதம் 40 ராண்ட் நிலைக்கட்டணம் வாங்குகிறது. அதற்கு மேல், ஒரு யூனிட்டுக்கு 20 சென்ட். (ராண்ட் என்பது அந்த நாட்டுப் பணம். 100 சென்ட் ஒரு ராண்ட்.) ஒரு வீட்டில் 560 யூனிட் செலவாயிற்று. கட்டணம் எவ்வளவு?"

560 யூனிட்டுக்கு 20 சென்ட் வீதம் 112 ராண்ட். நிலைக்கட்டணம் 40. மொத்தம் 152 ராண்ட். பெருக்கத் தெரிந்த எவருக்கும் எளிய கணக்குதான்.

ஆனால் இங்கிலீஷில் மட்டும் படித்த ஒரு மாணவன் 22,512 ராண்ட் என்று விடை எழுதலாம்! எப்படி? 40 ராண்டையும் 20 சென்டையும் கூட்டி, 40.20 ஆக்கி, அதை 560ஆல் பெருக்கிவிட்டான். பெருக்கல் சரி. புள்ளி வைத்த இடம் சரி. "மாதத்துக்கு ஒரு தடவை", "யூனிட்டுக்கு ஒரு தடவை" என்ற இரண்டும் அவனுக்கு ஒன்றாகத் தெரிந்தன. கோளாறு கணக்கில் இல்லை. படித்ததில் இருக்கிறது!

இப்படிப்பட்டவனுக்கு வாத்தியார் என்ன செய்வார்? "இன்னும் பத்துப் பெருக்கல் கணக்குப் போட்டு வா" என்பார். பயன் இல்லை. தலைவலிக்குக் காலில் கட்டுப் போட்ட கதைதான்.

வீட்டு மொழியில் பேச விட்டால் என்ன நடக்கும்? பக்கத்தில் இருப்பவன் கேட்பான்: "டேய், விளக்கே போடாவிட்டால் உன் அம்மா எவ்வளவு கட்டுவாள்?" இவன் யோசிப்பான். "40 ராண்ட் கட்டத்தானே வேண்டும்?" என்பான். "ஒரே ஒரு யூனிட் எரித்தால்?" "40 ராண்ட் 20 சென்ட்." "இரண்டு யூனிட் எரித்தால்?" "40 ராண்ட் 40 சென்ட்." அவ்வளவுதான். 40 அப்படியே நிற்கிறது, 20 சென்ட் மட்டும் ஏறுகிறது என்று கண்டுகொண்டான். கணக்கின் உயிர்நாடி அதுதான்.

இதைத் திருப்பிப் போட்டால் இன்னும் நன்றாகத் தெரியும். "கட்டணம் 180 ராண்ட். எத்தனை யூனிட்?" புரியாதவன் 180ஐ நேராக 20 சென்டால் வகுத்து 900 என்பான். புரிந்தவன் முதலில் 40ஐத் தள்ளுவான். மீதி 140. அதை 20 சென்டால் வகுத்தால் 700 யூனிட். "ஏன் 40ஐத் தள்ளினாய்?" என்று கேட்டால், தன் மொழியில் காரணமும் சொல்லுவான்.

பாக்கெங் அம்மையாரின் வகுப்புகளில் பிள்ளைகள் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். பேச்சு இங்கும் அங்கும் தாவியது. யாரும் மொழியைப் பற்றிக் கவலைப்படவில்லை. கவலை எல்லாம் கணக்கைப் பற்றித்தான்! கண்ணாடி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கிறவன் கண்ணாடியைப் பார்ப்பது இல்லை அல்லவா? மொழி அப்படி ஆகிவிட வேண்டும் என்பது அவர் கருத்து.

எண்ணின் பெயரிலேயே பாடம்

சின்ன வகுப்பில் இன்னொரு லாபமும் உண்டு.

இங்கிலீஷில் 12க்கு "டுவெல்வ்" என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டால் அதற்குள் ஒரு பத்தும் ஓர் இரண்டும் இருப்பது குழந்தைக்குத் தெரியாது. கோசாவில் 12க்குப் பெயர் "இஷூமி எலினேசிபினி". "இரண்டை உடைய பத்து" என்று அர்த்தம்! 20 என்றால் "அமாஷூமி அமாபினி". "பத்துகள் இரண்டு" என்று அர்த்தம். நம்முடைய "பன்னிரண்டு", "இருபது" போலத்தான்.

இது எங்கே உதவும்? 43இல் இருந்து 18ஐக் கழிக்க வேண்டும். பல குழந்தைகள் 35 என்று எழுதும். 3இல் 8 போகாது. ஆகவே 8இல் 3ஐக் கழித்து 5 என்று போட்டுவிடும். பிறகு 4இல் 1 போக 3. உலகம் முழுவதும் குழந்தைகள் செய்யும் தப்பு இது.

கோசாவில் 43ஐச் சொன்னாலே "பத்துகள் நான்கு, அதோடு மூன்று" என்று வரும். வாத்தியார் பத்துப் பத்துக் குச்சியாக நான்கு கட்டு வைக்கிறார். தனியாக மூன்று குச்சி. "எட்டுக் குச்சி கொடு" என்கிறார். குழந்தை ஒரு கட்டை அவிழ்க்கிறது. இப்போது மூன்று கட்டும் 13 குச்சியும் ஆயின. 13இல் 8 போக 5. மூன்று கட்டில் ஒரு கட்டுப் போக 2. விடை 25. கட்டை அவிழ்த்ததைத் தன் வாயால், தன் மொழியில் சொன்ன பிறகு, அதையே இங்கிலீஷில் சொல்லக் கற்றுக்கொள்கிறது. பொருள் முன்னால் வந்தது. சொல் பின்னால் வந்தது.

ஆனால் கோசாவின் பெரிய எண்கள் மிக நீளம். வேகமாக எண்ணும்போது குழந்தைகள் தாங்களாகவே இங்கிலீஷ் எண்ணுக்குத் தாவிவிடும். கடைத் தெருவிலும் அப்படித்தான். அதைத் தடுக்க வேண்டியது இல்லை. புரிந்துகொள்ள ஒரு மொழி, வேகத்துக்கு ஒரு மொழி. இரண்டும் ஒரு குழந்தையின் சொத்து!

எப்படிக் கலப்பது?

கண்டபடி கலப்பது பயன் தராது. ஒரு முறை வேண்டும்.

இதற்கு முதலில் ஒரு பெயர் சூட்டியது வேல்ஸ் நாடு. அங்கே வெல்ஷ் மொழி, இங்கிலீஷ் இரண்டும் உண்டு. கென் வில்லியம்ஸ் என்ற கல்வியாளர் 1994ஆம் ஆண்டில் தம் ஆராய்ச்சியில் ஒரு முறையைக் கூறினார். பாடத்தை ஒரு மொழியில் படிக்கச் சொல். அதைப் பற்றி இன்னொரு மொழியில் எழுதச் சொல். இதுதான் முறை. ஏன் அப்படி? ஒரே மொழியில் என்றால் பிள்ளை புத்தகத்தைப் பார்த்து அப்படியே எழுதிவிடும். மொழி மாறினால் அப்படி எழுத முடியாது. பொருளை உள்வாங்கித்தான் ஆக வேண்டும்!

தென் ஆப்பிரிக்க வகுப்புக்கு இது இப்படி வரும். கணக்கை இரண்டு மொழியிலும் படிப்பது. தாய்மொழியில் பேசி, வாதாடி, படம் போட்டு விடை காண்பது. பிறகு, "எப்படிக் கண்டாய்?" என்பதை இங்கிலீஷில் இரண்டு வரி எழுதுவது. இந்தக் கடைசிப் படியை விட்டால் ஆபத்து. பிள்ளை வாயால் சொல்லும். பரீட்சைத் தாளில் எழுத வராது.

இன்னொரு தவறும் உண்டு. வாத்தியார் ஒரு வாக்கியத்தை இங்கிலீஷில் சொல்கிறார். உடனே அதையே கோசாவில் சொல்கிறார். பாடம் முழுவதும் இப்படியே. என்ன ஆகும்? பிள்ளைகள் புத்திசாலிகள். இங்கிலீஷ் வரும்போது ஜன்னலைப் பார்ப்பார்கள். கோசா வரும்போது காதைத் தீட்டுவார்கள். இங்கிலீஷ் ஒரு சொல்கூட ஏறாது.

நன்றாக நடக்கிறதா, இல்லையா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. "ஏன்?" என்று கேட்க வேண்டும். "விடை என்ன?" என்றால் கோஷ்டியாகப் பதில் வரும். "ஏன் 40ஐத் தள்ளினாய்?" என்றால் கோஷ்டியாகப் பதில் சொல்ல முடியாது. ஒரு பிள்ளை தானாக எழுந்து, எந்த மொழியிலாவது இரண்டு வாக்கியம் சொன்னால் பாடம் ஏறுகிறது என்று அர்த்தம்.

சிறையில் இருந்து வந்த யோசனை

தாய்மொழியைக் கைவிடாமல் இங்கிலீஷையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வாதாடியவர் நெவில் அலெக்சாண்டர். கிழக்குக் கேப் மாகாணத்தில் கிரடாக் என்ற ஊரில் பிறந்தவர். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்ததற்காக ராபன் தீவுச் சிறையில் 10 ஆண்டுகள் அடைக்கப்பட்டார். மண்டேலாவும் அதே சிறையில்தான் இருந்தார். கல் உடைத்த நேரம் போக, கைதிகள் ஒருவருக்கு ஒருவர் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். வெளியே வந்த பிறகு அலெக்சாண்டர், பல மொழிக் கல்விக்கென்றே கேப் டவுனில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தார். 2012ஆம் ஆண்டில் காலமானார்.

அதே 2012ஆம் ஆண்டில், கிழக்குக் கேப் மாகாணத்தின் கோஃபிம்வாபா வட்டாரப் பள்ளிகளில், 4ஆம் வகுப்புக்கு மேலும் கோசாவில் கணக்கும் விஞ்ஞானமும் கற்பிக்கும் முயற்சி தொடங்கியது. பிறகு மாகாணத்தின் மற்றப் பள்ளிகளுக்கும் பரவியது. இப்போது நாடு முழுவதுக்கும் வந்திருக்கும் திட்டத்துக்கு அதுவே முன்னோடி.

தடை என்ன?

திட்டம் நல்லது. ஆனால் தடைகள் சின்னவை அல்ல.

முதலாவது, படிப்பு. 2021ஆம் ஆண்டில் உலக நாடுகளில் 4ஆம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதித்தார்கள். தென் ஆப்பிரிக்காவில் 100க்கு 81 பிள்ளைகளால் படித்துப் பொருள் கொள்ள முடியவில்லை. அந்தச் சோதனை இங்கிலீஷில் மட்டும் நடந்தது அல்ல. அவரவர் படித்த மொழியிலேயே நடந்தது! கோசாவில் பேசத் தெரிந்த பிள்ளைக்குக் கோசாவில் படிக்கத் தெரியவில்லை. படிக்கவே தெரியாத பிள்ளைக்கு இரண்டு மொழித் தாள் கொடுத்து என்ன பயன்? ஆகவே முதல் மூன்று வகுப்பில் தாய்மொழி வாசிப்பைச் சரி செய்யாமல், இந்தத் திட்டம் தனியாக நிற்காது.

இரண்டாவது, பெருநகரம். கிழக்குக் கேப் கிராமத்தில் எல்லாப் பிள்ளைக்கும் கோசா. வாத்தியாருக்கும் கோசா. ஜோகன்னஸ்பர்க்கில் அப்படி அல்ல. ஒரே பெஞ்சில் ஜூலு ஒருவன், சோத்தோ ஒருவன், வெண்டா ஒருவன். தெருவில் பேசுவதோ எல்லாம் கலந்த பேச்சு. புத்தகத்தில் இருக்கும் சுத்தமான ஜூலு, நகரத்து ஜூலுப் பிள்ளைக்கே புரிவது இல்லை. அங்கே வாத்தியாருக்குப் பிள்ளைகளின் மொழி எல்லாம் தெரிந்திருக்க முடியாது. ஒரே மொழிப் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்து, அவர்களுக்குள் பேச விடுவது ஒன்றே வழி. "ஏன்?" என்ற பதிலை மட்டும் அவர் இங்கிலீஷில் கேட்டு வாங்கலாம்.

மூன்றாவது, பரீட்சை. 4ஆம் வகுப்பில் இரண்டு மொழியில் படித்த பிள்ளைக்கு, பள்ளிப் படிப்பின் கடைசிப் பரீட்சை இங்கிலீஷில் மட்டும் வந்தால், தாய் தகப்பன் சும்மா இருப்பார்களா? "வேலிக்குள் மறுபடியும் தள்ளுகிறீர்களா?" என்றுதான் கேட்பார்கள். 1953ஐ அவர்கள் மறக்கவில்லை.

அவர்களுக்குப் பதிலைப் பேச்சில் காட்ட முடியாது. பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தில்தான் காட்ட வேண்டும். ஒரு பக்கம் கோசாவில் போட்ட கணக்கு. எதிர்ப் பக்கம் அதையே இங்கிலீஷில் விளக்கிய இரண்டு வரி. இரண்டு பக்கமும் நிறைந்திருந்தால் திட்டம் நடக்கிறது. ஒரு பக்கம் காலியாக இருந்தால், அது எந்தப் பக்கமாக இருந்தாலும், பிள்ளைக்கு நஷ்டம்தான்!